வண்டியக்காவின் இரண்டாவது சிம்

எங்கள் வேனில் வரும் பெண்கள் யாரும் விடியுமுன் ரோட்டோரம் நின்று காத்திருந்ததில்லை. குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களிலிருந்து வேடசந்தூர் மில்லுக்குக் காலை ஷிப்டுக்கு நாற்பது பெண்களை இரண்டு நடையாக ஏற்றிப் போகிறோம். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், மற்ற நிர்வாகமெல்லாம் நான். இதைக் கொஞ்சம் திமிராகத்தான் சொல்கிறேன். மற்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து ஊரையே எழுப்புவார்கள். நான் மெசேஜ் அனுப்புவேன்.

பாதிப் பெண்களிடம் இருப்பது பட்டன் போன், அதனால் வாட்ஸ்அப் உதவாது. சாதாரண மெசேஜ்தான். அதையும் நான் உட்கார்ந்து தட்டுவதில்லை. போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். ஊருக்கு ஏற்றபடி நேரத்தைக் குறித்துவிட்டால், நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அதுவாக அனுப்பிவிடும். "வண்டியக்கா பேசுறேன் கண்ணு. நம்ம வண்டி கிளம்பிருச்சு. இன்னும் அரை மணி நேரத்துல உங்க ஊருக்கு வந்துரும். வாசலுக்கு வந்துரு." இதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் கதவைத் திறப்பார்கள். எல்லோருடைய போனிலும் என் நம்பர் 'வண்டியக்கா' என்றே பதிந்திருக்கும்.

போனில் இரண்டு சிம். முதலாவது எல்லோரிடமும் இருக்கும் அந்தப் பழைய நம்பர். இரண்டாவது இன்டர்நெட்டுக்காக வாங்கியது, அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் சிக்கனம் பார்க்கிறேன் என்று பழைய சிம்முக்கு விலை குறைந்த பிளானைப் போட்டேன். பேசுவதற்கு அளவில்லை, ஆனால் மாதம் முழுவதற்கும் கொடுத்த மெசேஜ் ஒரு வாரத்துக்குக்கூட வரவில்லை. அது தீர்ந்ததும் ஒவ்வொரு மெசேஜுக்கும் மெயின் பேலன்ஸில் ஒரு ரூபாய் கழிந்தது. போதாக்குறைக்கு, தமிழில் எழுபது எழுத்தைத் தாண்டினால் ஒரு மெசேஜை இரண்டாகக் கணக்கு வைக்கிறார்கள். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் அதில் தனித்தனி எழுத்து. நான் 'கண்ணு' என்று கொஞ்சியதற்கெல்லாம் காசு போய்க்கொண்டிருந்தது.

விடுவேனா? இரண்டாவது சிம்மின் இன்டர்நெட் பிளானில் தினம் நூறு மெசேஜ் சும்மா கிடந்தது. ஆப்பைத் திறந்து, அனுப்பும் சிம்மை இரண்டாவதுக்கு மாற்றினேன். 'ஒவ்வொரு முறையும் கேள்' என்றும் ஒன்று இருந்தது. நான் பக்கத்தில் இல்லாதபோது அது யாரைக் கேட்கும்? அதைத் தொடவில்லை. அதோடு மெசேஜையும் வெட்டினேன். மேலேதான் வண்டியக்கா என்று பேர் காட்டுமே, உள்ளே எதற்கு இன்னொரு தடவை? வண்டி, நேரம், ஊர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, "கண்ணு, கிளம்பிட்டேன். வாசலுக்கு வந்துரு" என்று நறுக்கென்று முடித்தேன். இனிமேல் ஒரு பைசா செலவில்லை. அன்று என் புத்திசாலித்தனத்தை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

சிம்மை மாற்றினால் நம்பரும் மாறும், நம்பர் மாறினால் பேர் காட்டாது. அது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் விடிகாலையில் பழைய நம்பருக்கு அழைப்பு மேல் அழைப்பு. "யக்கா, வண்டி இன்னைக்கு இல்லையா? மெசேஜே வரலையே." "அனுப்பிட்டேன்டி, பாரு." "ஏதோ புது நம்பர்ல வந்துருக்கு, எவனோன்னு அழிச்சுட்டேன்." வழிநெடுக இதே பேச்சு. அவசர அவசரமாக ஓடிவந்து ஏறினார்கள். கடைசி ஊரில் மட்டும் ஒரு வாசல் திறக்கவில்லை.

அந்த வீட்டுப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் முடியவில்லை. நர்ஸிங் படிக்கப் பணம் சேர்க்க வந்தவள். "ஒரு பேச்சு வெளிய வந்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திருவேன், மாப்பிள்ளை பாத்துருவேன்" என்று சொல்லித்தான் அவள் அப்பா அனுப்பினார். வண்டி நின்றதும் அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் மகளின் போன்.

"தங்கச்சி, இனிமே இவ வேலைக்கு வரமாட்டா."

"என்னண்ணே ஆச்சு?"

"பாருங்க. விடியக் கருக்கல்ல எவனோ கண்ணுங்கிறான். கிளம்பிட்டேங்கிறான், வாசலுக்கு வரச் சொல்றான். நான் கூப்புட்டா தொடர்பு எல்லைக்கு வெளியங்குது. ஒளிஞ்சுக்கிட்டான், களவாணிப் பய."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் களவாணிப் பய நான்தான். ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருந்தால் என் போனில் இன்னொரு சிம்முக்கு அழைப்பு வராது. நான் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவர் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணே, இப்பக் கூப்புடுங்க."

அழுத்தினார். என் கையிலிருந்த போன் மணி அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். ஆனாலும் முகம் இளகவில்லை. "எம் மவளக் காப்பாத்தணும்னு நீங்களே ஏதாச்சும் தந்திரம் செய்வீங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வேன் கதவு திறந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது, தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்படியிருந்தும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அழிக்காமல் வைத்திருந்தவர்கள் போனை நீட்டினார்கள். "எனக்கும் இதேதேன் வந்துச்சு, பாருங்கண்ணே." எங்களில் மூத்தவள், பேரன் எடுத்தவள், முன்னால் வந்து நின்றாள். "எனக்குந்தேன் கண்ணுன்னு வந்துருக்கு. எங்க வீட்டுல யாரு மாப்பிள்ளை பாக்குறது?"

யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, குரலில் மட்டும் நடுக்கமில்லை.

"நம்பரு தெரியாதுப்பா, சரி. என்னையத் தெரியாதா உங்களுக்கு?"

எங்கள் சிரிப்பும் நின்றுவிட்டது. அவர் உள்ளே போய் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவந்து அவரே அவள் கையில் கொடுத்தார். போனையும் கொடுத்தார். அவள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, நான் பெற்ற பிள்ளை மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று எல்லோருக்கும் தாமதம்தான். மில் வாசலில் சூப்பர்வைசரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, சம்பளத்தில் பிடித்ததை நானே கொடுத்தேன். ஒருத்திகூட அவளைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

அன்று மதியமே பழைய சிம்முக்குத் தினம் நூறு மெசேஜ் உள்ள பிளானைப் போட்டேன். இன்டர்நெட்டும் அதிலேயே வந்தது. இரண்டாவது சிம்மைக் கழற்றிவிட்டேன், இனிமேல் அது தானாக எதையும் அனுப்ப வழியில்லை. ஆப்பில் ஒவ்வொரு ஊருக்கும் குறித்து வைத்திருந்ததைத் திறந்து, முதல் சிம்தானா என்று பார்த்து மாற்றினேன். மெசேஜையும் பழையபடி நீளமாக்கினேன். ஒன்று இரண்டாகக் கழிந்தாலும் நாற்பது பேருக்கு எண்பதுதான், நூறுக்குள் அடங்கிவிடும்.

சாயங்காலம் அவளை இறக்கிவிடப் போனபோது அவர் வேனுக்குப் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, அந்த மெசேஜ எனக்கும் அனுப்ப முடியுமா?" என்றார். மகளை வேவு பார்க்கப் போகிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குண்ணே?" என்றேன்.

"அவளுக்கு முன்னாடி எந்திரிச்சு வெந்நி போட்டு வைக்கலாம்னு."

அவர் நம்பரையும் சேர்த்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரே மெசேஜ்தான், ஆளுக்கு ஆள் மாற்றுவதில்லை. தினமும் விடிகாலையில் அந்த மனுஷருக்கும் நான் 'கண்ணு' என்றுதான் அனுப்புகிறேன். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வண்டி போய் நிற்கும்போது மகளோடு அவரும் வாசலில் நிற்கிறார்.