உப்பு போடும் நேரம்

அக்கா தங்கை இருவர் நடத்திய ரொட்டிக்கடை அது. வாசலில் பெயர்ப் பலகை உண்டு, ஆனால் தெருவில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. "பெரியக்கா கடை" என்பார்கள் சிலர், "சின்னக்கா கடை" என்பார்கள் சிலர். யார் பக்கம் எத்தனை பேர் என்று அக்கா தங்கைக்குள் முப்பது வருஷமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு நாளுக்கு முன்னால் பெரியக்கா செத்துப்போனாள், அந்தச் சண்டையும் அத்தோடு நின்றது.

சின்னக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவள் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, அவர்களுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்நெஞ்சுக்காரி" என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பசித்தது, சாப்பிட்டாள். காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. சுடுகிறதா ஆறியிருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தது, ருசி தெரியவில்லை.

தம்பி தண்ணீர் வரி ஆபீசில் வேலை பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் நல்லது செய்தே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவான். தன் வீட்டின் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, புதுத் திரை மாட்டி, கட்டிலையும் போட்டுவிட்டு வந்து நின்றான்.

"கடையை மூடிட்டு வந்துடுக்கா. ரெண்டு பேர் செஞ்ச வேலை. நீ ஒருத்தி எப்படிச் செய்வே?"

"செஞ்சு பார்த்தாத்தானே தெரியும்."

"சரி, நாளைக்கு விடுதிக்கு இருபத்து நாலு ரொட்டி கொடுக்கணும். எப்பவும் போல வந்துச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். வரலைன்னா சாவியை என் கையில கொடுத்துடணும். என்ன சொல்றே?"

"சரி" என்றாள். அந்தத் திரையையும் கட்டிலையும் அவள் மனசுக்குள் ஒருமுறை பார்த்தாள். அங்கே போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த அறையில் பழைய மாவு வாசனை. அடுப்பு ஜில்லென்று இருந்தது, அதைப் பற்ற வைத்தாள். எட்டு கிலோ மாவைச் சலித்து மரத்தொட்டியில் கொட்டினாள். சலிக்கும்போதே ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தாள். பிடி உடையாமல் நின்று, தட்டியதும் உதிர்ந்தது. நல்ல மாவு. ஐந்து லிட்டர் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை, தொட்டது தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. அதில் ஈஸ்ட்டைக் கரைத்து, மேலே நுரை கட்டும்வரை நின்றாள்.

நடுவில் குழி பறித்துத் தண்ணீரை ஊற்றி, ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தாள். முதலில் கஞ்சி, பிறகு சேறு, பிறகு கரடுமுரடான ஒரு பெரிய கட்டி. உலர்ந்த மாவு எங்கும் தெரியாத நிலைக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விட்டாள். மாவு தண்ணீரைக் குடிக்க வேண்டும். குடிக்காத மாவை எவ்வளவு அடித்தாலும் கை வலிதான் மிச்சம்.

துணியை எடுத்துவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டு நாலு மடிப்பு மடித்தாள். பிறகு கையைத் தூக்கி, அரையடி இடப்பக்கம் நகர்ந்து, ஜன்னலைப் பார்த்து நின்றாள். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு பத்து மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு பழைய இடத்துக்கு வந்து பிசைய ஆரம்பித்தாள்.

உள்ளங்கை அடியால் தள்ளு, இழுத்து மடி, கால்வாசி திருப்பு. இருபது நிமிஷம். தோள் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டாள். மாவு கையை விட்டு வர மறுத்தது. வழக்கமாக இந்நேரம் தொட்டியின் சுவர் சுத்தமாகிவிடும். இன்றைக்கு விரல் இடுக்கெல்லாம் பசை. பதினாறு நாள் வேலை செய்யாத கைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு போல என்று நினைத்தாள். துணியைப் போட்டு மூடினாள்.

ஒன்பதரைக்குத் தம்பி வந்தான். வந்தவன் சும்மா இருப்பானா? துணியைத் தூக்கிப் பார்த்தான்.

"அடேயப்பா! என்னமாப் பொங்கியிருக்கு! தொட்டி நிறைஞ்சு போச்சே!"

சின்னக்கா திரும்பினாள். மாவு இந்த அளவுக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்க வேண்டியது. விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது, மேலெல்லாம் பெரிய பெரிய குமிழ். விரலை வைத்தாள். நல்ல மாவு விரலை மெதுவாகத் திருப்பித் தள்ளும். இது அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரு பிடி தூக்கினாள். நீளவில்லை. வழிந்தது, பிறகு அறுந்தது.

பதினாறு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

மாவு? இல்லை, பிடித்துப் பார்த்தாச்சு. தண்ணீர் அதிகமா? அளந்துதான் ஊற்றினாள். வெயிலா? ஜன்னல் பக்கம் இன்னும் நிழல். ஈஸ்ட் கூடிவிட்டதா? அதே கரண்டி, அதே தலை தட்டிய அளவு. குனிந்து முகர்ந்தாள். பழ வாசனையைத் தாண்டிச் சாராய நெடி. ஏதோ ஒன்று கடிவாளம் இல்லாமல் ஓடுகிறது.

ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. பதினாறு நாளாக எதுவும்தான் தெரியவில்லையே.

"இந்தா, இதை வாயில போட்டுச் சொல்லு."

"பச்சை மாவையா? வயித்துக்கு ஆகுமா?"

"செத்துப்போக மாட்டே. போடு."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றான். "என்னக்கா, சப்புன்னு இருக்கு."

அவள் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அரையடி இடப்பக்கம் நகர்ந்தது ஞாபகம் வந்தது. ஜன்னலைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

உப்பை ஈஸ்ட்டோடு சேர்த்துப் போட்டால் ஈஸ்ட் அடங்கிப்போகும் என்று பெரியக்கா பிடிவாதமாகச் சொல்லுவாள். மாவு தண்ணீரைக் குடித்த பிறகுதான் உப்பு. அந்த நேரம் சின்னக்காவின் கை முழங்கை வரை மாவாக இருக்கும். அதனால் பெரியக்கா வந்து, "தள்ளு" என்பாள். சின்னக்கா கையைத் தூக்கித் தள்ளி நிற்பாள். பெரியக்கா டப்பாவைத் திறந்து, சுற்றிலும் தூவி, மூடி, "ம்" என்பாள். முப்பது வருஷமாக, ஞாயிறு தவிர. இன்றைக்கும் தள்ளி நின்றாள். உப்பு விழுவதற்கான நேரம் முழுக்க நின்றாள். தூவ ஆள் இல்லை என்பது அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

"உப்பு போடலை" என்றாள்.

"ஐயையோ. கொட்டிடணுமா?"

"டப்பாவை எடு. வேண்டாம், நானே எடுக்கறேன்."

டப்பா மேல்தட்டில் இருந்தது. பெரியக்கா தினமும் துடைத்துத் துடைத்து, மூடியில் முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தாள். "மாவுக் கையோட அதைத் தொட்டே, விரலை ஒடிச்சிடுவேன்" என்பாள். சின்னக்கா மாவுக் கையோடே திறந்தாள். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம். எத்தனை கிண்ணம்? தலை தட்டியா, கோபுரமாகவா? அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, பார்த்ததுமில்லை. பார்த்ததெல்லாம் எதிர் வீட்டு மாடியைத்தான்.

"எவ்வளவுக்கா போடணும்?"

"தெரியலை."

"தெரியலையா! முப்பது வருஷமா செஞ்சிட்டு..."

"கொஞ்சம் சும்மா இரேன்டா!"

நாலு கிண்ணம் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்தாள். அதில் கால்வாசியை மாவின் மேல் ஊற்றி, விரலால் கிள்ளிக் கிள்ளி உள்ளே இறக்கினாள். மாவு வழுக்கியது. துண்டு துண்டாகப் பிரிந்து, கிழிந்த துணி மாதிரித் தொட்டியில் நீந்தியது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் விடவில்லை. பிழிந்தாள், மடித்தாள், பிழிந்தாள். ஐந்து நிமிஷத்தில் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. தூக்கினாள். இப்போது நீண்டது, ஆனால் நுனி தொங்கியது. இன்னும் கொஞ்சம். மறுபடி வழுக்கியது, மறுபடி சேர்ந்தது. விரலை வைத்தாள். தள்ளியது, சோம்பலாக. இன்னும் கொஞ்சம்.

மூன்றாவது தடவை ஊற்றிப் பிசைந்தபோது உள்ளங்கைக்கு அடியில் மாவு இறுகியது. தொட்டியின் சுவரை விட்டுக் கழன்று வந்தது. தோல் வழவழவென்று, லேசாகக் குளிர்ந்து, அழுத்தினால் அழுத்திய அளவுக்குத் திருப்பித் தள்ளியது. இந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் "ம்" என்ற குரலுக்கு அப்புறம் கையில் வந்தது இதுதான். கிண்ணக் கணக்கு அவளிடம் இல்லை. ஆனால் அக்கா போட்ட உப்பு இத்தனை வருஷமாக இந்தக் கைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தினாள். மீதி உப்புத் தண்ணீரைக் கொட்டினாள்.

பிறகு அவள் அவசரப்படவில்லை. பொங்கின வேகத்தில் மாவின் இனிப்பு பாதி தீர்ந்திருக்கும், அதனால் நிறம் பிடிக்க நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது முறை பொங்க விடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டாள். இருபத்து நாலாக வெட்டி, உருட்டி, மேல் தோல் இறுகும்படி தன் பக்கமாக இழுத்து வைத்தாள். பிளேடால் ஒவ்வொன்றின் மேலும் ஒரே கீறல். அடுப்பில் வைத்து, வழக்கத்தைவிட ஐந்து நிமிஷம் கூடவே விட்டாள். எடுத்தபோது மேலோடு பழைய நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. கவிழ்த்து அடியில் தட்டினாள். உள்ளே காலியான பெட்டியைத் தட்டின சத்தம். வெந்திருந்தது. ஆற வைத்ததும் மேலோடு மெல்லிசாக வெடிக்கும் சத்தம் பலகை முழுக்கக் கேட்டது.

தம்பி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னடா, சொல்லு. எனக்கு ருசி தெரியலை."

"அதேதான்க்கா" என்றான். "பெரியக்கா இருந்தப்போ எப்படி இருக்குமோ, அதே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொட்டிகளைக் கூடையில் அடுக்கினான். விடுதிக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கட்டு அறையைத் தன் பையனுக்குப் படிப்பறையாக வைத்துக்கொள்வதாக மட்டும் சொன்னான். அவன் பிய்த்த ரொட்டியின் மீதியைச் சின்னக்கா நின்றபடியே தின்றாள். இதமான சூடாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணி. மாவு, தண்ணீர், அரைமணி நேரம், நாலு மடிப்பு. கையைத் தூக்கிக்கொண்டு அரையடி இடப்பக்கம் நகர்ந்துவிட்டாள். நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. "தள்ளு" என்று யாரும் சொல்லவில்லை.

மேல்தட்டைப் பார்த்தாள். டப்பாவின் பளபளத்த மூடியில் அவளுடைய நாலு விரல் தடங்கள் மாவாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. நேற்றிலிருந்து அப்படியே இருந்தன. ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் துடைக்கவில்லை.

பதினேழாவது நாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். இரண்டு கையும் மாவாக இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. மாவு காத்திருந்தது. அழுதுகொண்டே எட்டி, அதே விரல் தடங்களின் மேல் விரலை வைத்து மூடியைத் திறந்தாள்.