கரண்ட் போனால் வரும் முகம்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் என்னைக் கண்டால் பல்லைக் கடிக்கும் ஒருவர் இருந்தார். இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசர், செட்டியார்பட்டிக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். எங்கள் இருவருக்கும் நடுவில் சுவரில் ஒரு டிவி தொங்கியது. அதன் முதுகில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை நான் ஒட்டியிருந்தேன்.

அந்த போர்டுக்கு ஒரே வேலைதான். ஆபீஸ் சர்வரில் இருக்கும் உற்பத்திக் கணக்குப் பக்கத்தைத் திரை முழுக்கக் காட்ட வேண்டும். கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது, வேறு பக்கத்துக்குப் போக வழி கிடையாது. பிரவுசர் விழுந்தால் தானே எழுந்துகொள்ளும். இவை எல்லாவற்றையும்விட நான் பீற்றிக்கொண்டது மெமரி கார்டைப் பூட்டியதைப் பற்றி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகும். அதனால் கார்டில் எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டேன். புதிதாக எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்தில் நிற்கும், கரண்ட் போனால் அதோடு போய்விடும்.

"எத்தனை தடவை கரண்ட் போனாலும், பூட்டுன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே எந்திரிச்சு நிக்கும் சார்" என்று மேனேஜரிடம் மார்தட்டினேன். அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கே அப்போது தெரியாது.

எந்த ஷிப்ட் ஓடுகிறதோ அந்த ஷிப்ட் சூப்பர்வைசரின் போட்டோவும் திரையில் வர வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார். பெரிய போட்டோ, அதைவிடப் பெரிய சதவீதம். நன்றாக ஓடினால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. தேதி, மணி இரண்டையும் நான் எடுத்துவிட்டேன். அவை இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அழகு தெரிந்தவன் அல்லவா நான்.

ஒரு மாதம் கழித்து சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, கரண்ட் போயி வந்தா எம் மூஞ்சி வருது. காலை ஷிப்ட்டுலயும் எம் மூஞ்சி, ராத்திரி ஷிப்ட்டுலயும் எம் மூஞ்சி. அடியில செவப்புல நம்பர். யாரு சொல்லி இப்படிப் பண்ணி வச்சிருக்க?"

"அண்ணாச்சி, இந்தா வாரேன்."

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். திரையில் காலை ஷிப்ட்காரர் பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். போர்டு எழுந்தது, மறுபடியும் அதே சிரிப்பு. வீட்டில் இன்னொரு போர்டை வைத்துப் பத்துத் தடவை பிடுங்கிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி."

"நீ வந்தா நல்லாத்தான் இருக்கும். ஒன் வளர்ப்பு அப்படி."

அடுத்த முறை சமாதானத்துக்குப் பால்கோவா வாங்கிப் போனேன். "அதையும் அந்தப் பொட்டிக்கே ஊட்டு" என்றார். காலை ஷிப்ட்காரரும் நானும் கூட்டு என்பது அவருடைய முடிவு. கரண்டை இவரேதான் எங்கேயோ நோண்டுகிறார் என்பது என்னுடைய முடிவு. இரண்டையும் நாங்கள் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டோம்.

அவர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. மில்லின் புது யூனிட்டுக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள். இவருக்கும் காலை ஷிப்ட்காரருக்கும்தான் போட்டி. மேனேஜர் சாதாரண நாட்களில் மெஷின் பக்கம் வரமாட்டார். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது, மெஷின்கள் சட்டென்று கிளம்புகின்றனவா என்று பார்க்க மட்டும் ஓடி வருவார். ஆக, அவர் திரையைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகம், சிவப்பு நம்பர். 'ஓய், உம்ம ஷிப்ட் தேறவே தேறாதா?' என்று ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாராம்.

கார்த்திகையில், பராமரிப்புக்காகக் காலை முதல் மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. முந்தைய நாளே சூப்பர்வைசர் போன் செய்தார். "நாளைக்கு எனக்கு ஷிப்ட் மத்தியானந்தான். ஆனா காலையிலயே வருவேன். நீயும் வார. வரலைன்னா நான் அங்க வருவேன்."

போனேன். டிவிக்கு அடியில் நூல் கோன் அடுக்கும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "செத்த நேரம் இரி. இன்னைக்கு ஓடிற முடியாது."

கரண்ட் போனது. மில் ஒரு நொடி செத்தது போல் இருந்தது. ஜெனரேட்டர் உறுமியது. போர்டு எழுந்தது. திரையில் அவர் முகம். அடியில் 58, சிவப்பில்.

"பாத்தியா? எப்பவும் இதே நம்பர்தான். ஒரு புள்ளி கூடக் கொறச்சல் இல்ல."

எப்பவும் இதே நம்பர் என்றதும்தான் எனக்கு உறைத்தது. நானும் அவரும் சண்டை போட்டோமே தவிர, அது எந்த நம்பர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. லேப்டாப்பை மில் நெட்வொர்க்கில் சொருகி, போர்டுக்குள் நுழைந்து தேதி கேட்டேன். வெளியே கார்த்திகை மழை. போர்டு ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கார்டைப் பூட்டிய மத்தியானம்.

அந்த வகை போர்டில் கடிகார பேட்டரி கிடையாது. எழும்போது கார்டில் கடைசியாக எழுதி வைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு, பிறகு இன்டர்நெட்டில் கேட்டுச் சரி செய்துகொள்ளும். கார்டைப் பூட்டியதால் கடைசியாக எழுதிய நேரம் என்றென்றும் அந்தப் புதன்கிழமைதான். எந்த நாள், எந்த ஷிப்ட் என்பதை அந்தக் கணக்குப் பக்கம் போர்டின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். போர்டு ஆடி மாதக் கணக்கைக் கேட்டது, யுபிஎஸ்ஸில் ஓடும் சர்வரும் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தது. மில்லின் இன்டர்நெட் பெட்டியோ ஜெனரேட்டர் லைனில் இல்லை. கரண்ட் திரும்பினால்தான் அது எழும், நேரமும் சரியாகும். நான் வந்து சேர்வது எப்போதும் அதற்குப் பிறகு. நான் பிளக்கைப் பிடுங்கியபோதெல்லாம் இன்டர்நெட் உயிரோடு இருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மின்வாரியத்தின் மேல் பழி போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எதிரில் பட்டாளத்துக் கைகள் கட்டப்பட்டிருந்தன. நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

"அன்னைக்கு மட்டும் இவிய ஷிப்ட்டு ஏன் அம்புட்டுக் கம்மி?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "சொல்லு. வாய் தொறந்துதான இருக்கு."

"நான்தான் சார். ஒயர் இழுக்கணும்னு பாதி மெஷின நிப்பாட்டச் சொன்னேன்."

மேனேஜர் கோபத்தில் தன் வீட்டு மொழியான தெலுங்குக்கு மாறினார். ஒன்றும் புரியாததால் திட்டு மரியாதையாகத்தான் காதில் விழுந்தது. சூப்பர்வைசர் தமிழிலேயே நின்றார். "ஒருத்தன அவனுக்கு ஆகாத ஒரு நாளுல வச்சுப் பூட்டிட்டு, அது மேல பால்கோவா வேற."

அந்த வாரமே பேட்டரியோடு சின்ன கடிகாரப் பலகை ஒன்றை போர்டில் பொருத்தினேன். சர்வரோடு நேரம் ஒத்துப்போகாத வரை கணக்கையே காட்டக் கூடாது என்றும் பக்கத்தை மாற்றினேன். தேதியும் மணியும் அசிங்கமாகவே மூலையில் வந்து உட்கார்ந்தன.

"நேரம் ஒத்துப்போற வரைக்கும் திரையில என்ன காட்டுவ?" என்றார் சூப்பர்வைசர்.

"'நேரம் சரிபார்க்கப்படுகிறது'ன்னு போடுவேன்."

"அது மேல ஒன் போட்டோவப் போடு. செவப்புல."

மேனேஜர் தலையாட்டினார். போட்டேன். கரண்ட் போய் வந்தால் சில நொடிகள் என் முகம் வரும். மெஷின்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஜெனரேட்டர் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்களாம்.

மேனேஜர் பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்து, புது யூனிட்டை இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசருக்கே கொடுத்தார். அங்கேயும் டிவி மாட்ட அளவெடுக்கப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே சுவரில் ஒரு கரும்பலகை, சாக்பீஸால் அன்றைய தேதி எழுதியிருந்தது.

"இது கரண்ட் போனாலும் இன்னைக்குத் தேதியத்தான் காட்டும். நீ கெளம்பு."

கிளம்பினேன். என் வண்டி நின்றிருந்த இடத்தில் லாரியை விடச் சொல்லி அவர் ஏற்கெனவே கைகாட்டிக்கொண்டிருந்தார்.