பதினோராம் கட்டம்

வேலை கேட்டுப் போன அன்று நொடி அக்கா என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை உறை போட்டு, உறைக்கு மேல் இன்னொரு உறை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அக்கா அதை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"இதச் சத்தமாப் படிங்க, தம்பி."

கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான விளக்கப் படத்தின் வசனம் அது. கடகடவென்று படித்து முடித்தேன்.

"எழுபத்தோரு நொடி. பஸ்ஸ விட்டுட்டா ஓடுறீங்க? கேக்குறவனுக்குப் புரியணும். திரும்பப் படிங்க."

இரண்டாம் முறை தொண்ணூற்று நான்கு வந்தது. அக்கா அந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதி, நொடிக்கான விலையால் பெருக்கினார். "விலை இப்படித்தான் வருது. அவங்க எத்தன பக்கம் எழுதினாங்கங்கிறது நமக்குக் கணக்கே இல்ல. திரையில எத்தன நொடி ஓடுது, அதுல தட்டையான படம் எவ்வளவு, முப்பரிமாணம் எவ்வளவு. அவ்வளவுதான்."

தையல் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள்தான் அக்காவின் அனிமேஷன் ஸ்டுடியோ. முன் அறையில் அக்கா கதைப்பலகை வரைவார். வரப்போகும் படத்தைக் கட்டம் கட்டமாகப் பென்சிலில் காட்டும் தாள்கள் அவை. உள் அறையில் அனிமேஷன் செய்யும் அண்ணனும், எல்லாரும் 'யானை' என்று கூப்பிடும் பெரிய கணினியும். கடன் கட்டி முடித்து ஆறு மாதம்கூட ஆகாத யானை. அதற்கு மட்டும் குளிர்சாதனம் உண்டு. "மனுசனுக்கு ஃபேன், இதுக்கு ஏசி. அடுத்த பிறவியில நான் கணினியாப் பொறக்கணும்," என்பார் அண்ணன்.

வாடிக்கையாளர்களோடு பேசுவது என் வேலை. அக்கா எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. கதைப்பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் அவர்கள் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் யானை ஓடக் கூடாது.

"பென்சில்ல ஒரு அம்புக்குறிய மாத்த அஞ்சு நிமிஷம். யானை அத ரெண்டர் பண்ணி, முழுப் படமா ஆக்கினதுக்கப்புறம் மாத்தினா அஞ்சு நாள். கையெழுத்துக்கு அப்புறம் அவங்க மாத்தச் சொன்னா, அந்த நொடிகளுக்குப் பாதி விலை கூடுதல். கையெழுத்துக்கு முன்னாடி எத்தன தடவ வேணாலும் ஓசி."

ஒன்றரை வருடம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினேன். பிறகு தண்ணீர் வடிகட்டி செய்யும் நிறுவனம் ஒன்று வந்தது. தொண்ணூறு நொடிப் படம். அதில் நாற்பத்திரண்டு நொடி முப்பரிமாணம்: ஒரு நீர்த்துளியின் பின்னாலேயே கேமரா வடிகட்டிக்குள் போகும். ஒரு நொடி ஓட இருபத்தைந்து அசையாப் படங்கள், அதாவது சட்டகங்கள், வேண்டும்; ஆக ஆயிரத்து ஐம்பது. ஒரு சட்டகத்துக்கு யானை ஆறு நிமிடம் எடுக்கும். மொத்தம் நூற்றைந்து மணி நேரம். சனிக்கிழமை அவர்களுக்குக் கண்காட்சி. அதற்கு முந்தைய நாள் மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை பலகையை எடுத்துக்கொண்டு அவர்களுடைய விளம்பரப் பிரிவு மேலாளரைப் பார்க்கப் போனேன். மென்மையான மனிதர். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்ஜினியர் பாக்கணும் தம்பி. லீவுல இருக்கார், திங்கக்கிழமை வந்துருவார்."

திங்கள்வரை காத்திருந்தால் யானை வெள்ளிக்குள் முடிக்காது. அக்காவிடம் சொல்லியிருந்தால் கெடுவைப் பற்றிப் பேசியிருப்பார், அல்லது பத்து நொடியைக் குறைத்திருப்பார். நான் படிகளில் இறங்கும்போதே வேறு கணக்குப் போட்டுவிட்டேன். படித்தவனுக்கு ஒரு வடிகட்டிப் படம் சரியா தப்பா என்று தெரியாதா என்ன.

"மேலாளர் அவசரமாக் கிளம்பிட்டார்க்கா. ஓகே சொல்லிட்டார். கையெழுத்து போட்டு அப்புறம் அனுப்புறாராம்."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். "நேர்லதானே சொன்னார்?"

"நேர்லதான்க்கா."

"சரி. உன்ன நம்பி விடுறேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "யானைய அவுத்து விடுப்பா."

திங்கள் மதியம் தொள்ளாயிரம் சட்டகங்கள் முடிந்திருந்தன. அப்போது, விடுப்பு முடிந்து வந்த இன்ஜினியர் மேலாளரிடம் நான் விட்டுவந்த பிரதியைப் பார்த்துவிட்டுப் போனில் பேசினார். பதினோராம் கட்டத்தில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குகிறது. அது பழைய மாடல், புதியதில் கீழிருந்து மேலே ஏறும் என்றார். முப்பரிமாணம் தொடங்குவதே அங்கேதான்; அங்கிருந்து கடைசிவரை கேமரா அந்தத் துளியோடுதான் போகிறது. ஒரு சட்டகமும் தேறாது.

அண்ணன் யானையை நிறுத்தினார். விசிறிச் சத்தம் நின்றதும் கீழே தையல் மெஷின் ஓடுவது கேட்டது. அக்கா மேலாளரைப் போனில் பிடித்தார்.

"ஓகே சொன்னதுக்கு அப்புறம் மாத்தினா நாற்பத்திரண்டு நொடிக்கும் பாதி விலை கூடுதல் சார். ஒப்பந்தத்துல இருக்கு... இல்ல சார், எங்க தம்பி பொய் சொல்ற ஆள் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் காலை மேலாளரே மாடி ஏறி வந்தார். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. "கூடுதல் பணம் எதுக்குன்னு என்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்கம்மா. என் சம்பளத்துல பிடிப்போம்னு பேச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இன்ஜினியர் பாக்கணும்னு நான் சொன்னேனா, இல்லையா?"

"தலைய ஆட்டினீங்க சார்," என்றேன்.

இதை எழுதும்போதும் என் காதில் அந்தக் குரல் கேட்கிறது. எவ்வளவு பணிவான குரல். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அன்று இரவும் அப்பா வழக்கம்போலப் போனில், "ஆபீஸ்ல எல்லாம் மரியாதையா நடத்துறாங்களாப்பா?" என்று கேட்டார். நடத்துகிறார்கள் என்றேன்.

புதன் காலை அக்கா வருவதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் சாவியை வெளியே எடுக்கவில்லை.

"நேத்து அந்த மனுசன் முன்னாடியும் சொன்னியே."

"ஆமாக்கா."

"கையெழுத்து இல்லாம ஓட விட்டது நான். பணம் என் தலையில. ஆனா அவர் பேர்ல விழுந்த பழிய நான் சுமக்க முடியாது. அத நீதான் போய் இறக்கணும். வா."

இருவரும் பேருந்தில் போனோம். மேலாளரும் அவருடைய அதிகாரியும் இருந்த அறையில், நின்றபடி நான் உள்ளதைச் சொன்னேன். கூடுதல் கட்டணம் வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். மேலாளரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெளியே வரும்போது நான் "சார்" என்றேன். அவர் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அன்று எனக்கு நாற்காலி இழுத்துப் போடவும் இல்லை.

அண்ணன் திங்கள் மதியத்திலிருந்தே அசைவை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா பதினோராம் கட்டத்தின் அம்புக்குறியை அழித்து மேல்நோக்கிப் போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த முறை இன்ஜினியரே வந்து எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டார். யானையால் மட்டும் முடியாது என்பதால் இணையத்தில் இருபது கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளி மாலை படம் போய்ச் சேர்ந்தது. வாடகை, படத்தின் மொத்த விலையைத் தாண்டியிருந்தது.

அடுத்த மாதம் அக்கா யானையை விற்றார். வாங்க வந்தவர்கள் அதைப் படியில் இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். "டிகிரி, பாத்துப் பிடி, உனக்குத் தூக்கிப் பழக்கம் இருக்காது," என்றார் அண்ணன். கிண்டல்தான். சிரிக்க முடியவில்லை. அக்கா என்னைப் போகச் சொல்லவே இல்லை, நானாகத்தான் போனேன்.

இப்போது அண்ணன் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். நான் பெரிய நிறுவனம் ஒன்றில் இதே வேலையில் இருக்கிறேன். நொடி அக்கா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மற்ற ஸ்டுடியோக்களுக்குக் கதைப்பலகை மட்டும் வரைந்து கொடுக்கிறார். கட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஸ்டாப்வாட்ச் இன்னும் அவரிடம் இருக்கிறது. வேறு யானை வாங்கவில்லை.