நெய்தல் வரிசையின் கடைசிக் கட்டம்

சவரி சார் போய்விட்டார் என்ற செய்தி அரியாங்குப்பம் பாலத்தின் மேல் எனக்கு வந்தது. காலை நெரிசலில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி போனைப் பார்த்தேன். ஆசிரியர் குழுவில் ஒரே வரி, அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள். பின்னால் ஹாரன் அடித்து ஓய்ந்த டெம்போக்காரர் இறங்கி வந்து, "இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் நடுப்பாலத்தில் அழுதிருப்பேன்.

புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நான் தமிழ் ஆசிரியை, பிள்ளைகளுக்குத் தமிழம்மா. அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய கிண்டலைத்தான் நினைத்துக்கொள்வார்கள். நான் செய்த ஒரு கொடுமையை அவர்தான் பாதியிலாவது நிறுத்தினார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் பத்தாம் வகுப்புக்காக ஐந்திணை அட்டவணை ஒன்றைப் பெரிய சார்ட்டில் எழுதித் தரும்படி அவரைக் கேட்டேன். நிலம், பூ, தொழில், உரிப்பொருள் என்று நான்கு பத்திகள். மலையான குறிஞ்சிக்குக் குறிஞ்சிப்பூ, தேனெடுப்பதும் தினைப்புனம் காப்பதும் தொழில், உரிப்பொருள் புணர்தல். காடான முல்லைக்கு முல்லைப்பூ, ஆடுமாடு மேய்த்தல், இருத்தல். அதாவது, போனவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. வயலான மருதத்துக்கு மருதப்பூ, உழவு, ஊடல். கடலோரமான நெய்தலுக்கு நெய்தல்பூ, மீன்பிடிப்பதும் உப்பு விளைவிப்பதும், இரங்கல். அதாவது, போனவன் வராததை எண்ணி அழுவது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுதான் பாலை. அதற்குப் பாலைப்பூ, வழிப்பறி, பிரிதல். வழிப்பறிக்காரனுக்கு அவர் தலைமையாசிரியரின் மீசையை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல இருந்தார். கடைசிப் பத்தியில் மட்டும் தூரிகை நின்றுவிட்டது. "பூவ வரஞ்சிடலாம், தொழில வரஞ்சிடலாம். மனசுல இருக்கறத எப்படிம்மா கட்டத்துக்குள்ள வரையறது? அத நீங்களே எழுதிக்குங்க" என்றார். முதலில் ஒரு தேர்வு வைத்துவிட்டு, பிறகு பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம் என்றிருந்தேன்.

தேர்வு வைத்தேன். எண்பது தாளை ஒரே மூச்சில் திருத்தினேன். ஒரு தாளில் நெய்தலுக்கு நேராக இருத்தல் என்று இருந்தது. எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடம்தான் என்று, "இருத்தல் முல்லைக்கு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பத்து முறை எழுதவும்" என்று சிவப்பில் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். பெயரைப் பார்க்கவில்லை.

அது வினோதினியின் தாள். வைத்திக்குப்பத்துப் பெண். அவள் அப்பா போன படகு கரைக்குத் திரும்பாமல் அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. பள்ளி முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் அப்படி எழுதினேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய நோட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று மூன்று முறை. நான்காவது வரியில் 'நெய்தலின்' என்பதோடு நின்றிருந்தது. நோட்டோடு சேதி ஒன்றும் வந்தது, அவள் இனிமேல் பள்ளிக்கு வரமாட்டாள், பரீட்சையும் எழுத மாட்டாள் என்று. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஓவிய அறைக்குப் போய் சவரி சாரிடம் நீட்டினேன். அவர் படித்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏம்மா, உங்க இலக்கணத்துல கடக்கரையில ஒருத்தி காத்துக்கினு இருக்கவே கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கலாம். ஒரு நிலத்துக்குரிய உரிப்பொருள் இன்னொரு நிலத்தில் வரலாம், அதற்குத் திணை மயக்கம் என்று பெயர். வருடா வருடம் நானே நடத்துகிற பாடம். அந்த அறையில் நின்று அதை அவருக்கு ஒப்பித்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. "அப்ப அந்தப் பொண்ணு தப்பா எழுதல" என்று சொல்லிவிட்டுச் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வைத்திக்குப்பத்தில் கரையேற்றிய படகுகளுக்கு நடுவே அவள் அம்மாவோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த நிலையிலும் எழுந்து நின்றாள். "பாதிதாங்க எழுதனேன்" என்றாள். "அத எழுதி முடிச்சா அப்பா வரமாட்டாரோன்னு இருந்துச்சி தமிழம்மா."

சவரி சார் மணலில் சார்ட்டை விரித்து நான்கு மூலையிலும் கிளிஞ்சல் வைத்தார். நெய்தல் வரிசையில் கரை மணலில் படர்கிற அடம்பங்கொடியின் ஊதாப் பூவை வரைந்திருந்தார். வினோதினி குனிந்து பார்த்தாள். "சார், இது அடம்பு. நெய்தல் தண்ணியில பூக்கறது, கழியில, கொளத்துல. நீலமா இருக்கும். தமிழம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"அப்பிடியா? கடக்கரப் பூன்னாங்க, இதத்தான் பார்த்தேன், வரஞ்சிட்டேன். நீயே வந்து மாத்திக் குடு" என்றார். தெரிந்தே தப்பாக வரைந்தாரா என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை.

நான் மணலில் மண்டியிட்டு, கடலோரத்திலும் இருத்தல் வரும் என்றும், அவள் எழுதியது சரி என்றும், திருத்திய நான்தான் தப்பு என்றும் சொன்னேன். அவள் அம்மா கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "போ, போய் எழுது. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அவள் வந்தாள். நீல நெய்தலை வரைந்தாள். கடைசிப் பத்தி முழுவதையும் அவளே எழுதினாள். நான்கு கட்டத்துக்கு மை, நெய்தலின் கட்டத்தில் மட்டும் பென்சிலால் இருத்தல். மை பூசட்டுமா என்று கேட்ட என்னை சவரி சார் தடுத்தார். "பென்சில்லயே இருக்கட்டும். அழிக்கறதா இருந்தா அவதான் அழிக்கணும்." படகு வரவே இல்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. பொதுத்தேர்வை எழுதினாள், தேறினாள். அதில் அந்தக் கட்டம் வந்ததா, என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் நர்சிங் மூன்றாம் வருடம். அடக்கத்துக்கு வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அவள் இரண்டு பிடி போட்டாள். வெளியே வந்ததும், "அந்த சார்ட் இன்னும் இருக்கா தமிழம்மா?" என்றாள்.

என் வகுப்பறையில்தான் இருந்தது. பள்ளி விட்டு ஆளில்லை. அதன் எதிரில் போய் நின்றவள், மேசையிலிருந்த ரப்பரை எடுத்துப் பொறுமையாக அழித்தாள். "அப்பாவ அடக்கம் பண்ண எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. இன்னிக்கி சாருக்குப் போட்ட மண்ணுல ஒரு பிடி அவருக்குதான்" என்றாள். என் பேனாவை வாங்கி இரங்கல் என்று மையால் எழுதினாள். மூடியைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அழுதாள். இம்முறை நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

சார்ட் அங்கேயேதான் இருக்கிறது. ஐந்து வருடம் முன்பு அவள் அழுத்தி எழுதிய இருத்தல், பக்கவாட்டில் நின்று பார்த்தால் மைக்கு அடியில் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. சவரி சாரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுவும், ஒரு பழக்கமும். நேற்றும் ஒரு கட்டுத் தாள் திருத்தினேன். ஒவ்வொன்றிலும் பெயரைப் படித்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.