மகா மேதையின் பேரை மாற்றிய மருமகள்

என் மூத்த மருமகளைப் பட்டறையில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடம் மழலையர் பள்ளியில் பாடிப் பாடித் தொண்டை போய்விட்டது. இனி கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இந்த விளையாட்டுச் சாமான் பட்டறைக்குச் சாமான்களைச் சோதித்துப் பார்க்க வந்தாள். நான் அதற்கு முன்பே அங்கே பெட்டி கட்டுகிறவள். நான்தான் சேர்த்துவிட்டேன் என்பதை அவள் மறந்ததில்லை. நான் மறக்க விட்டதுமில்லை.

அங்கே மூன்று விதப் பெட்டி. பெரிய மணிகளைக் கயிற்றில் கோர்ப்பது இரண்டு வயதுக்கு. மரக்கட்டை அடுக்குவது நாலு வயதுக்கு. பல்சக்கரங்களைத் திருகாணி போட்டு மாட்டிச் சுற்றுவது ஆறு, ஏழு வயதுக்கு. முதலாளி இவற்றுக்கு வைத்த பேர் குட்டி மேதை, இளம் மேதை, மகா மேதை. வயதைப் பெட்டியின் அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்தார். எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எந்தத் தகப்பன் கடையில் நின்று, "என் பிள்ளைக்குக் குட்டி மேதையே போதும்" என்பான்? மகா மேதை பறந்தது. பறந்த வேகத்தில் திரும்பியும் வந்தது. எல்லாவற்றிலும் "சாமான் பழுது" என்று ஒரு சீட்டு. மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் எந்தச் சக்கரம் சுற்றும்? அப்படி வந்த ஒரு சக்கரத்தில் பால்பல் பதிந்திருந்தது. அன்று டீச்சர் சாப்பிட வரவில்லை. நேரே முதலாளியிடம் போனாள்.

"பேரை மாத்தணும் சார்."

"மாத்துங்க. சனிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகுது. எனக்குப் பிடிக்கலைன்னா பழைய பேருதான். அப்புறம் நீங்களும் உங்க அத்தை பக்கத்துல உக்காந்து பெட்டி கட்டலாம்."

என் பக்கத்தில் உட்காருவது அப்படியென்ன தண்டனை என்று எனக்குக் கோபம் வந்தது. 

முதலில் மொட்டு, மலர், கனி என்று வைத்தாள். வெறும் பேரை மட்டும் அட்டையில் எழுதிக்கொண்டு பொம்மைக் கடைக்குப் போனாள். வருகிறவர்களிடம் காட்டி, இது எந்த வயதுக்கு, பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்டாள்.

"மொட்டுன்னா தோட்டம் போடற சாமானா?" என்றாள் ஒரு அம்மா.

"கனியா? பழம் வெட்டி விளையாடறது" என்றார் இன்னொருவர்.

அந்த அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே ஒரு மூலையில் நின்று பேச்சைக் கேட்டிருக்கிறாள். விலை கேட்கும்போதுதான் பிள்ளை மேதை. அடுத்தவரோடு சும்மா பேசும்போது, "எதைப் பார்த்தாலும் அடுக்கறான்", "வீட்ல ஒண்ணு விடாம கழட்டறா" என்றுதான் சொன்னார்களாம்.

மறுநாள் புது அட்டை போட்டாள். கோர்த்துப் பார், அடுக்கிப் பார், மாட்டிச் சுற்று. ஒவ்வொரு பேருக்கும் கீழே எத்தனை வயது முதல் எத்தனை வயது வரை என்று பெரிதாக. அதற்கும் கீழே, விரல் பழகும், நிறம் பிரிக்கத் தெரியும் என்பது போல ஒரே வரி. மறுபடி அதே கடையில் காட்டியபோது பத்துப் பேரில் ஒன்பது பேர் சரியாகச் சொன்னார்கள். பத்தாவது ஆள் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவராம்.

சனிக்கிழமை முதலாளி அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா புரியுது டீச்சர். அதான் கோளாறே. ஜனங்களுக்குப் புரிஞ்சா போதுமா? ஆசை வர வேணாமா?"

நான் கட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். அவளோ அமைதியாக, "உங்க பேத்திக்கு ஒரு பெட்டி எடுங்க சார்" என்றாள்.

அவர் யோசிக்கவே இல்லை. மகா மேதையை எடுத்தார். "ரெண்டரை வயசுதான். ஆனா வயசுக்கு மீறின அறிவு!"

சோதனை மேசையில் ஒரு சின்னக் குழாய் உண்டு. சின்னப் பிள்ளையின் தொண்டையைக் கணக்கில் வைத்துச் செய்தது. அதற்குள் முழுதாக அடங்குகிற எதையும் மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. டீச்சர் அவர் கையிலிருந்த பெட்டியைப் பிரித்து, ஒரு திருகாணியை எடுத்துக் குழாய்க்குள் போட்டாள். டங்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"அறிவுக்கு ஏழு வயசுன்னே வச்சுக்கலாம் சார். தொண்டைக்கு ரெண்டரைதான்."

முதலாளி திருகாணியைக் குழாயிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். பிறகு அட்டைகளை அச்சுக்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தப் பேர்கள் தனக்கே தோன்றின என்று கடைக்காரர்களிடம் சொல்லித் திரிவதாகக் கேள்வி. டீச்சர் சிரிக்கிறாள். அவள் மேசை அவளிடமே இருக்கிறது, அது போதுமாம். எனக்குப் போதவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மணிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போன முதலாளி, திரும்பி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சக்கரப் பெட்டியும் ஒண்ணு தனியா கட்டி வைங்கம்மா. அடுத்த மாசத்துக்குள்ள அவ தேறிடுவா."

கட்டி வைத்திருக்கிறேன், மேல் தட்டில். இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். இன்னும் மூன்றரை வருடம் கேட்கட்டும்.