மடிப்புக்குள் போன கழித்தல் குறி

காலையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஜவ்வாது மலையிலிருந்து, என்னிடம் பத்தாவது வரை கணக்குப் படித்த பெண் அனுப்பிய செய்தி. பதினொன்றாம் வகுப்புப் படிவத்தை அன்று மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இன்ஜினியராவேன், கணக்கு குரூப்தான் எடுப்பேன் என்று வருஷம் முழுக்கச் சொன்னவள், இப்போது வேண்டாம் என்று எழுதியிருந்தாள். போட்டுப் பார்த்த எட்டுக் கணக்கில் ஆறு தப்பாம். சாட்சிக்கு நோட்டின் படம் வேறு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முதல் கணக்கைப் பார்த்தேன்.

5(x + 2) – 3(x – 4) = 30. விடை 4 வர வேண்டும். அவளுக்கு 1 வந்திருந்தது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் பிள்ளைகள் கோட்டை விடுவது தெரிந்த கதைதானே, அதையே சொல்லித் திட்டப் போனேன். எதற்கும் வரிக்கு வரி x இருக்கும் இடத்தில் 4 போட்டுப் பார்த்தேன். எந்தப் படியில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லையோ அங்கேதான் தப்பு தொடங்குகிறது. முதல் படி சரி. இரண்டாவது படி இரண்டு வரியாக உடைந்திருந்தது. மேலே 5x + 10, கீழே 3x + 12 = 30, நடுவில் குறியே இல்லை. மூன்றாவது படி 8x + 22 = 30. அதில் 4 போட்டால் இடப்பக்கம் 54.

ஆனால் அந்த 12 கண்ணை உறுத்தியது. கழித்தலை மறந்திருந்தால் –12 அல்லவா வரும்? கூட்டல் 12 என்றால் –3-ஐ –4-ஆல் பெருக்கியிருக்கிறாள். அடியம்மா, இவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்! படத்தில் பக்கம் நெடுக்காக மடிந்திருந்தது; குறி அந்த மடிப்பில்தான் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ரசத்தை அப்படியே விட்டுவிட்டு அழைத்தேன். டவர் கிடைக்கும் பாறைமேல்தான் நின்றிருந்தாள்.

"மடிப்பைப் பிரிச்சி இன்னொரு போட்டோ எடு."

வந்தது. மேல் வரியின் கடைசியில், மடிப்புப் பள்ளத்துக்குள், குட்டியாக ஒரு கழித்தல் குறி. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. நோட்டு சீக்கிரம் தீருகிறதென்று பக்கத்தை நெடுக்காக மடித்து இரண்டு பத்தியாக எழுதச் சொன்னவள் நான்தான். பத்தி குறுகல். இடம் போதாமல் குறியை மேலே விட்டு, 3x-ஐக் கீழே எழுதியிருக்கிறாள். அடுத்த படிக்குப் போகையில் கீழ் வரியை மட்டும் பார்த்துக் கூட்டிவிட்டாள். ஆறு கணக்கிலும் இதே கதை. சரியாக வந்த இரண்டும் ஒரே வரியில் அடங்கியவை.

குறியையும் கீழே இறக்கி எழுதச் சொன்னேன். 2x + 22 = 30 என்று முணுமுணுத்தாள், 4 என்றாள்.

"அப்போ இன்னா மிஸ், எனக்குக் கணக்கு வருதுங்களா?"

அவள் நோட்டில் வருஷம் முழுக்கச் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று கிறுக்கியவள் நான்.

"உனக்கு வருது. நான்தான் சரியாப் பாக்கல. போய் ஃபாரத்துல கணக்கு குரூப்னு எழுது."

போனை அணைக்கக்கூட இல்லை. பாறையிலிருந்து இறங்கி அவள் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.