ஓ, வ, வி, வு

என் கணவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். ஜப்பான்காரன் வந்ததும் அச்சுக்கூடத்தை மூடிவிட்டார்கள். சும்மா இருந்த மனுஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு எழுதிக்கொண்டார்கள். எங்கள் மகள் பிறந்து தீட்டுக்கூடக் கழியவில்லை. அன்று சாயங்காலமே ஆள் ஏற்ற லோரி வரும் என்றார்கள்.

"பதினாறாம் நாள் கழிச்சு பேர நான் வச்சுக்கிறேங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாத பேர நான் அங்க எப்படிக் கூப்பிட்டு நினைக்கிறது?" என்றார்.

காஜா பேராங் தெருவில் எங்கள் வீட்டின் பலகைச் சுவரில் கரித்துண்டால் எழுத ஆரம்பித்தார். பிள்ளை ரோகிணி நட்சத்திரம், அதற்குரிய எழுத்துகள் ஓ, வ, வி, வு. அவற்றை ஓரமாக எழுதினார். பக்கத்தில் வேர்ச்சொற்கள்: வளர், வான், விண், விழி. கடைசியில் வால்கள்: மதி, மலர், மணி, கொடி. அப்புறம் கை நிற்கவில்லை. வளர்மதி, வளர்கொடி, வான்மதி, வான்மலர், விண்மணி, விழிமலர். பொருள் தீர்ந்ததும் வெறும் ஓசைக்குப் போனார். வனி, வமி, விமி, வலி, விதி...

"வலியா? பொம்பளப் பிள்ளைக்கா?"

"இப்பவே சலிக்காதம்மா. மொதல்ல குவியட்டும்."

சுவர் நிறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுகிற மனுஷன். இவ்வளவும் எங்கே வைத்திருந்தார் என்று, பிள்ளைக்குப் பால் கொடுப்பதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடத் தோன்றியது.

பிறகுதான் சலித்தோம். வலியும் விதியும் முதலில் போயின. தெருவில் ஏற்கெனவே இருந்த பெயர்கள் போயின. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறியவர், மலாய்தான் பேச்சு; அவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னோம். அவர் நாக்கில் 'ழ' வரவில்லை, அதெல்லாம் போயிற்று. நீளமானவற்றை என் கணவரே அழித்தார். "மண்ணு வெட்டிக்கிட்டே சொல்லணும், மூச்சு வாங்கும்" என்றார்.

ஒன்று மிஞ்சியது. செட்டி அம்மா சொல்லிப் பார்த்து, "செனாங்" என்றார், சுலபம் என்று. என் கணவர் பிள்ளையின் காதில் அதைச் சொல்லிவிட்டு லோரி ஏறினார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், ஊருக்கெல்லாம் ஏன் சொன்னாய் என்று மகள் சண்டைக்கு வருவாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு, காலெல்லாம் புண்ணோடு ஓர் ஆள் எங்கள் தெருவுக்கு வந்தார். யாரென்று நான் கேட்பதற்குள், மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சரியான பெயர். அவள் சட்டென்று திரும்பினாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரயில் பாதையில புள்ளைய பாக்காம வந்தவங்க நிறைய பேரு. எல்லாருக்கும் உங்க வீட்டுக்காரரு நட்சத்திரம் கேட்டுக் கேட்டு மண்ணுல எழுதிப் பேரு போட்டுக் குடுத்தாரும்மா. எம் மகனுக்கும் அவரு வச்சதுதான்" என்றார்.

"அவர் எங்க?" என்று கேட்டேன்.

வந்தவர் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா, கூப்பிட்டா திரும்புறாளான்னு மட்டும் பாத்துடுன்னு சொன்னாரு."